ஒரே கத்தரிக்கோல், இரண்டு விலை: ஜோகூரில் முடிவெட்டுவது ஏன் மலிவு?

வார இறுதியில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து ஜோகூர் பாருவுக்குச் செல்லும் சிங்கப்பூரர்கள் பலருக்கு அங்கு செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் இருக்கும். முடிவெட்டுவது, காரைக் கழுவுவது, பல் மருத்துவரைப் பார்ப்பது, குடும்பத்துடன் உணவகத்தில் சாப்பிடுவது. ஆனால், புதிய கைப்பேசி வாங்குவதற்காக அங்கு செல்வோர் அதிகம் இல்லை.

இந்தப் பட்டியலைச் சற்று உற்றுப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரியும். அங்கு மலிவாக இருப்பவை பெரும்பாலும் ஒருவர் கையால் செய்து தரும் வேலைகள். பெட்டியில் அடைத்துக் கப்பலிலோ விமானத்திலோ வரும் பொருள்களுக்கு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே விலைதான்.

சிங்கப்பூரில் குடியிருப்புப் பேட்டைக் கடை ஒன்றில் ஆண்களுக்கு முடிவெட்ட 12 வெள்ளி என்றும், ஜோகூர் பாருவில் அதே மாதிரியான கடையில் 15 ரிங்கிட் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு வெள்ளிக்கு 3.30 ரிங்கிட் என்று மாற்றினால் 15 ரிங்கிட் என்பது ஏறத்தாழ 4 வெள்ளி 50 காசு. நாணயத்தை மாற்றிய பிறகும் விலை பாதிக்கும் குறைவு. கத்தரிக்கோல் ஒன்றே, நாற்காலி ஒன்றே, வெட்டும் நேரமும் ஒன்றே. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

ரிங்கிட் சரிந்ததுதான் காரணமா?

பலரும் சட்டென்று சொல்லும் பதில், “ரிங்கிட்டின் மதிப்பு குறைந்துவிட்டது” என்பதே. அதில் ஓரளவு உண்மை உண்டு. 1973ஆம் ஆண்டு மே மாதம் வரை மலேசிய, சிங்கப்பூர் நாணயங்கள் ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பில் இரு நாட்டிலும் செல்லுபடியாயின. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வெள்ளியின் மதிப்பு 3.50 ரிங்கிட்டைத் தாண்டியது. ரிங்கிட் சரியும்போது ஜோகூர் கடைக்காரர் மறுநாளே விலைப்பலகையை மாற்றுவதில்லை. அதனால் சிங்கப்பூரிலிருந்து செல்வோருக்குச் சில மாதங்கள் கூடுதல் லாபம் கிடைக்கும்.

ஆனால், நாணய மதிப்பு மட்டும் காரணமாக இருந்தால் கைப்பேசியும் அங்கு பாதி விலைக்குக் கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைப்பதில்லை. இன்னொன்றையும் பார்க்கலாம். கோலாலம்பூரிலும் மலேசியாவின் ஒரு சிறுபட்டணத்திலும் புழங்குவது ஒரே ரிங்கிட்தான். ஆனாலும் முடிவெட்டும் செலவு சிறுபட்டணத்தில் குறைவு. அங்கு நாணய மாற்றுக்கே இடமில்லை. எனவே, காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

எல்லை தாண்டுவதும் தாண்டாததும்

கைப்பேசி எல்லை தாண்டும். ஜோகூரில் அது 300 வெள்ளி மலிவாக விற்றால் வியாபாரிகள் அங்கு வாங்கி இங்கு விற்பார்கள். இப்படிப் பலரும் செய்யத் தொடங்கினால் அங்கு விலை ஏறும், இங்கு இறங்கும். வரி, உத்தரவாதம் போன்றவற்றால் வரும் சிறு வேறுபாடு மட்டும் மிஞ்சும்.

முடிவெட்டு அப்படியன்று. ஜோகூரில் வெட்டிய முடியைச் சிங்கப்பூரில் விற்க முடியாது. வாடிக்கையாளர்தான் நாற்காலியைத் தேடிப் போக வேண்டும். கடற்பாலத்தில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்றால் 7 வெள்ளி 50 காசு மிச்சப்படுத்துவதற்காக மட்டும் யாரும் போகமாட்டார்கள். அதனால்தான் அந்த விலை வேறுபாடு ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கிறது.

விலைகள் ஏன் சமமாகவில்லை என்பதற்கு இது விடை. ஆனால், ஜோகூரில் ஏன் குறைவு, சிங்கப்பூரில் ஏன் அதிகம் என்பதற்கு இது விடையாகாது. அதற்கு முடிதிருத்தும் கடையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும்.

முடிதிருத்துநரின் சம்பளத்தைத் தீர்மானிப்பது யார்?

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே.

இரு நாட்டிலும் ஒரே வகை மின்னியல் பாகம் தயாராகிறது. உலகச் சந்தையில் அதன் விலை 6 வெள்ளி. அது எல்லை தாண்டும் பொருள் என்பதால் இரு நாட்டுத் தொழிற்சாலைகளுக்கும் அதே விலைதான் கிடைக்கும். சிங்கப்பூர் ஊழியரிடம் நவீன இயந்திரங்களும் நல்ல பயிற்சியும் உள்ளன. அவர் ஒரு நாளில் 32 பாகங்கள் செய்கிறார். மற்ற நாட்டு ஊழியர் 12 பாகங்கள் செய்கிறார். மூலப்பொருள் செலவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், முதலாமவருக்கு நாளொன்றுக்கு 192 வெள்ளி வரை சம்பளம் கொடுக்கலாம். இரண்டாமவருக்கு 72 வெள்ளி வரைதான் கொடுக்க முடியும்.

இப்போது முடிதிருத்தும் கடைக்கு வருவோம். இரு நாட்டிலும் ஒரு முடிதிருத்துநர் ஒரு நாளில் 16 பேருக்கு முடிவெட்டுகிறார். அரை மணி நேரத்துக்கு ஒருவர். இந்த வேலையில் சிங்கப்பூருக்குத் தனிவேகம் எதுவும் இல்லை.

ஆனால், சிங்கப்பூர் முடிதிருத்துநர் விரும்பினால் தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ வேலைக்குப் போகலாம். அங்கு 192 வெள்ளி கிடைக்கும்போது கடையில் 72 வெள்ளிக்கு யார் நிற்பார்? அவரைத் தக்கவைக்கக் கடைக்காரரும் 192 வெள்ளிக்கு அருகில் கொடுக்க வேண்டும். அதை 16 பேரிடமிருந்து ஈட்ட வேண்டுமானால் ஆளுக்கு 12 வெள்ளி வாங்க வேண்டும். மற்ற நாட்டுக் கடைக்காரருக்கு நாளுக்கு 72 வெள்ளி கிடைத்தால் போதும். 16 பேர் என்றால் ஆளுக்கு 4 வெள்ளி 50 காசு. அதாவது ஏறத்தாழ 15 ரிங்கிட்.

சிங்கப்பூர் முடிதிருத்துநர் கூடுதலாக எதையும் செய்யவில்லை. பக்கத்துத் தொழிற்சாலையில் கூடிய உற்பத்தித்திறன் அவருடைய சம்பளத்தையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. அந்தச் சம்பளத்தைக் கொடுப்பவர் நாற்காலியில் அமரும் வாடிக்கையாளர்.

கடை வாடகையும் இதே பாதையில்தான் போகிறது. நிலமும் எல்லை தாண்டாது. சம்பளம் உயர்ந்த நாட்டில் அதே இடத்துக்குப் போட்டி போடுவோரிடம் பணம் அதிகம். வாடகை ஏறுகிறது, அதுவும் முடிவெட்டும் விலையில் வந்து சேர்கிறது.

இந்த விளக்கத்தை 1964ஆம் ஆண்டில் இரண்டு பொருளியல் வல்லுநர்கள் தனித்தனியே எழுதினர். ஒருவர் ஹங்கேரியில் பிறந்த பெலா பலாசா. மற்றவர் பின்னர் 1970இல் நோபெல் பரிசு பெற்ற பால் சாமுவெல்சன். அதனால் இது ‘பலாசா-சாமுவெல்சன் விளைவு’ என்றே அழைக்கப்படுகிறது. பிரிட்டனின் ராய் ஹேரட் 1933ஆம் ஆண்டிலேயே இதே கருத்தைத் தொட்டிருந்தார்.

நாணய மாற்று விகிதம் ஏன் இதைச் சரிசெய்வதில்லை?

இங்கு ஒரு நியாயமான கேள்வி எழும். ஜோகூரில் எல்லாச் சேவைகளும் மலிவு என்றால், ரிங்கிட்டின் மதிப்பு ஏறி இரு பக்கமும் விலை சமமாகிவிட வேண்டாமா?

மேலே போட்ட கணக்கையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். முடிவெட்டும் விலை இரு பக்கமும் சமமாக வேண்டுமானால் 15 ரிங்கிட்டும் 12 வெள்ளியும் ஒன்றாக வேண்டும். அதாவது ஒரு வெள்ளிக்கு 1.25 ரிங்கிட். மற்ற நாட்டுத் தொழிற்சாலை ஊழியரின் 72 வெள்ளிச் சம்பளம் ரிங்கிட்டில் ஏறக்குறைய 238. புதிய விகிதத்தில் அது 190 வெள்ளியாகிவிடும். அவர் செய்வதோ நாளுக்கு அதே 12 பாகங்கள்தான். ஒரு பாகத்தின் செலவு ஏறத்தாழ 16 வெள்ளிக்குப் போய்விடும்.

சிங்கப்பூரில் 6 வெள்ளிக்குக் கிடைக்கும் பாகத்தை 16 வெள்ளிக்கு யாரும் வாங்கமாட்டார்கள். ஏற்றுமதி ஆணைகள் நின்றுவிடும். அந்த நாட்டுப் பொருளை வாங்குவதற்காக ரிங்கிட் தேடுவோர் குறைவார்கள். ரிங்கிட் மீண்டும் இறங்கும்.

நாணயச் சந்தையில் வாங்கி விற்பவர்கள் பெரும்பாலும் ஏற்றுமதியாளர்கள், இறக்குமதியாளர்கள், முதலீட்டாளர்கள். முடிவெட்டும் விலையை அந்தச் சந்தை கவனிப்பதே இல்லை. எல்லை தாண்டும் பொருள்களுக்கு ஏற்ற ஒரு விகிதத்தை எடுத்து, எல்லை தாண்டாத சேவைக்கு நாம் பொருத்திப் பார்க்கிறோம். அதனால்தான் அந்தச் சேவை நமக்கு மலிவாகத் தெரிகிறது.

ரசீதைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்

இந்த விளக்கம் ஒரு குறிப்பிட்ட சேவைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ரசீதில் எவ்வளவு கைவேலைக்கு, எவ்வளவு இறக்குமதிப் பொருளுக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கார் பழுதுபார்ப்பை எடுத்துக்கொள்ளலாம். டயர், பேட்டரி, எண்ணெய் வடிகட்டி ஆகியவை எல்லை தாண்டும் பொருள்கள். அவற்றில் கிடைக்கும் மிச்சம் குறைவாகவே இருக்கும். மெக்கானிக்கின் வேலைக்கூலியில்தான் பெரிய வேறுபாடு. நான்கு டயர்களை மாற்றும் ரசீதில் டயர் விலையே பெரும்பகுதி என்பதால் மொத்தச் சேமிப்பு சுமார்தான். தட்டிச் சாயம் பூசும் வேலையில் கைவேலைதான் அதிகம் என்பதால் சேமிப்பும் அதிகம்.

பல் மருத்துவத்திலும் இதே கதைதான். பல்லைச் சுத்தம் செய்வதில் மருத்துவரின் நேரமே முக்கியச் செலவு. செயற்கைப் பல் பொருத்தும்போது தாடையில் பதிக்கும் உலோகத் திருகு பெரும்பாலும் இறக்குமதியாகிறது. அதனால் இரண்டாவது சிகிச்சையில் விலை வேறுபாடு விகிதத்தில் குறைந்துவிடும். ஒரு சிகிச்சையில் இறக்குமதிப் பொருளின் பங்கு பெரிதாக இருந்தும் விலை மட்டும் மிக மலிவு என்றால், பயன்படுத்தும் பொருள் அதே தரத்தில் உள்ளதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மலிவாக இருப்பவை எல்லாம் இந்தக் காரணத்தால்தான் மலிவு என்றும் எண்ணிவிடக்கூடாது. பெட்ரோல் நன்றாகவே எல்லை தாண்டும். மலேசியாவில் ரான்95 பெட்ரோல் மலிவாக இருப்பதற்கு அரசாங்க மானியம் முக்கியக் காரணம், சிங்கப்பூரில் விலை கூடுவதற்கு இங்குள்ள பெட்ரோல் வரி ஒரு காரணம். அதனால்தான் இரு அரசாங்கங்களும் விதி போட்டுத் தடுக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு வாகனங்களுக்கு ரான்95 விற்க மலேசியா தடை விதித்துள்ளது. சிங்கப்பூர்க் கார்கள் முக்கால் தொட்டி பெட்ரோலுடன்தான் எல்லையைக் கடக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. முடிவெட்டுக்கு இப்படி ஒரு விதி தேவைப்படவே இல்லை.

யாருக்கு மலிவு?

“ஜோகூரில் எல்லாம் மலிவு” என்று சொல்லும்போது ஒரு சொல் விடுபட்டுப் போகிறது. வெள்ளியில் சம்பளம் வாங்குவோருக்கு மலிவு என்பதே முழு வாக்கியம்.

மலேசியாவில் 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். சிங்கப்பூரில் படிப்படியான சம்பள உயர்வு முறையின்கீழ், கட்டடங்களுக்குள் முழுநேரம் வேலை செய்யும் உள்ளூர்ப் பொதுத் துப்புரவாளருக்கு 2025 ஜூலை முதல் அடிப்படைச் சம்பளம் குறைந்தது 1,910 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு 3.30 ரிங்கிட் என்று மாற்றினால் முதலாவது ஏறத்தாழ 515 வெள்ளிதான். அதாவது மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு.

இருவரும் மாதத்தில் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்வதாக வைத்துக்கொண்டால், சிங்கப்பூர் ஊழியர் மணிக்கு ஏறக்குறைய 9 வெள்ளி 20 காசு ஈட்டுகிறார். மலேசிய ஊழியர் மணிக்கு ஏறக்குறைய 8 ரிங்கிட் 20 சென் ஈட்டுகிறார். நம் கணக்கில் 12 வெள்ளிக்கு முடிவெட்டச் சிங்கப்பூர் ஊழியர் சுமார் 1 மணி 20 நிமிடம் உழைக்க வேண்டும். 15 ரிங்கிட்டுக்கு முடிவெட்ட மலேசிய ஊழியர் சுமார் 1 மணி 50 நிமிடம் உழைக்க வேண்டும். உழைப்பு நேரத்தை வைத்து அளந்தால் ‘மலிவான’ முடிவெட்டுதான் கொஞ்சம் விலை கூடியது.

கைப்பேசிக்கு வந்தால் நிலைமை இன்னும் கடினம். 1,000 வெள்ளிக் கைப்பேசிக்குச் சிங்கப்பூர் ஊழியர் அரை மாதச் சம்பளத்தைச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கிறார். அதே கைப்பேசி 3,300 ரிங்கிட் என்றால் மலேசிய ஊழியருக்கு அது ஏறத்தாழ இரண்டு மாதச் சம்பளம். சேவைகள் மலிவாக இருப்பது அவருக்கு ஓரளவு ஆறுதல். எல்லை தாண்டும் பொருள்களுக்கு அந்த ஆறுதல்கூட இல்லை.

நாள்தோறும் விடியற்காலையில் மோட்டார்சைக்கிளிலும் பேருந்திலும் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் ஆயிரக்கணக்கான மலேசியர்கள் இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தராமலேயே அறிந்தவர்கள். ஜோகூரில் கத்தரிக்கோல் பிடித்த அதே கை இங்கு வந்து பிடிக்கும்போது அதன் கூலி மாறிவிடுகிறது. கையின் திறமை ஒரே இரவில் கூடிவிடவில்லை. அதைச் சுற்றியுள்ள நாட்டின் உற்பத்தித்திறன்தான் மாறியிருக்கிறது. எல்லாரும் விரும்பியபடி இப்படிக் கடக்க முடிந்தால் சம்பள வேறுபாடே கரைந்துவிடும். வேலை அனுமதிச்சீட்டு விதிகள் இருப்பதால் அது கரைவதில்லை.

எந்தக் கணக்குக்கு எந்த விகிதம்?

சந்தை விகிதத்தை மட்டும் வைத்து இரு நாட்டு மக்களின் வாழ்க்கைத்தரத்தை ஒப்பிட்டால் ஏழை நாடு உண்மையில் இருப்பதைவிட இன்னும் ஏழையாகத் தெரியும். அதைத் திருத்தத்தான் உலக வங்கி பல நாடுகளில் ஒரே வகைப் பொருள்கள், சேவைகளின் விலைகளைத் திரட்டி ‘வாங்கும் திறன் சமநிலை’ என்ற இன்னொரு விகிதத்தைக் கணக்கிட்டு வெளியிடுகிறது.

விடுமுறைக்கு இந்தியா செல்வோருக்கு அந்நாட்டின் எண்கள் நன்கு புரியும். 2017ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க டாலரின் சந்தை மதிப்பு சராசரியாக 65.12 ரூபாய். ஆனால், அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைத்ததை இந்தியாவில் வாங்க 20.65 ரூபாய் போதுமானதாக இருந்தது. நாட்டின் எல்லாப் பொருள்களையும் சேவைகளையும் சேர்த்துப் பார்த்த சராசரி இது. முடிவெட்டு, ஆட்டோ சவாரி போன்றவற்றில் வேறுபாடு இதைவிடக் கூடுதலாகவும், கைப்பேசி போன்றவற்றில் மிகக் குறைவாகவும் இருக்கும்.

இந்த இரண்டு விகிதங்களையும் குழப்பிக்கொள்வதில்தான் பலர் தடுமாறுகின்றனர். வேறு நாட்டில் குடியேறி அங்கேயே செலவு செய்யப்போகும் ஒருவர், தமக்குக் கிடைக்கும் சம்பளத்தை வாங்கும் திறன் விகிதத்தில் பார்ப்பது பொருத்தம். ஆனால், அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பும் பணம், பிள்ளையின் வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டணம், விமானச்சீட்டு ஆகியவற்றுக்குச் சந்தை விகிதம்தான் செல்லும். ‘இந்தியாவில் 20 ரூபாய் ஒரு டாலருக்குச் சமம்’ என்று சொல்லி எந்த வங்கியிலும் டாலர் வாங்க முடியாது.

ஓய்வுக்காலத்தை ஜோகூரில் கழிக்க எண்ணும் சிங்கப்பூரர்களுக்கும் இது பொருந்தும். வீட்டு வேலை உதவி, சாப்பாடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றில் மிச்சம் உண்மையானது. இறக்குமதி மருந்து, கார், மின்சாதனம் ஆகியவற்றில் அந்த மிச்சத்தை எதிர்பார்க்க முடியாது. வயது ஏற ஏற மருந்துச் செலவின் பங்கு கூடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த இடைவெளி நிலைக்குமா?

உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையிலான ஆர்டிஎஸ் ரயில் சேவை 2026 இறுதிக்குள் தொடங்கத் திட்டமிடப்பட்டது. ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தூரத்தை அது சுமார் ஐந்து நிமிடத்தில் கடக்கும். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை பயணம் செய்யலாம்.

முடிவெட்டைப் பெட்டியில் அடைத்து அனுப்ப முடியாவிட்டாலும், வாடிக்கையாளரை விரைவாக அனுப்ப முடிந்தால் அந்தச் சேவையும் பாதி எல்லை தாண்டியதுபோலத்தான். சிங்கப்பூர் வாடிக்கையாளர்கள் கூடும்போது ரயில் நிலையத்தை ஒட்டிய கடைகளில் விலையும் வாடகையும் ஏறும். அந்த ஏற்றம் அக்கடைகளில் வேலை செய்வோரின் சம்பளத்துக்கு நல்லது. ரிங்கிட்டில் சம்பளம் வாங்கி அதே வட்டாரத்தில் முடிவெட்டிக்கொள்ளும் ஜோகூர் குடும்பத்துக்கு அது சுமை.

ஆயினும் ரயில் நிலையத்திலிருந்து தள்ளிப் போகப் போக அந்த விளைவு மங்கிவிடும். மலேசியா முழுவதும் இடைவெளி குறைய வேண்டுமானால் அங்குள்ள தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் ஒரு மணி நேர உழைப்பில் கூடுதலாக உற்பத்தி செய்ய வேண்டும். அப்போது அவற்றின் சம்பளம் உயரும், முடிதிருத்துநரின் சம்பளமும் கூடவே உயரும். அந்த நாளில் ஜோகூரில் முடிவெட்டுவது சிங்கப்பூரருக்கு இப்போதுபோல மலிவாக இராது. ஜோகூரில் சம்பளம் வாங்குபவர் கைப்பேசிக்காக இரண்டு மாதம் உழைக்க வேண்டியிருக்காது.